புடவைக்கான பணத்தைத் திருப்பிக் கேட்ட உங்கள் கடிதத்துக்குப் பதில்

காஞ்சிபுரம்
5 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

ஜூன் 3 அன்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நிச்சயதார்த்தம் நின்றுபோன செய்தியைப் படித்து வருந்தினோம். இந்த நேரத்தில் இப்படி ஒரு பதிலை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் உங்களைக் காக்கவைப்பது சரியில்லை என்பதால் நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். புடவைக்கான 24,800 ரூபாயைத் திருப்பித் தர எங்களால் இயலவில்லை.

ஏப்ரல் 18 அன்று புடவை வாங்கினீர்கள். பில்லோடு, பிரிக்காத புடவையை 10 நாளுக்குள் கொண்டுவந்தால் பணமோ வேறு புடவையோ தருவது எங்கள் கடை வழக்கம். இப்போது 48 நாள் ஆகிவிட்டது. நாள் கணக்கு மட்டும் என்றால் உங்கள் நிலைமையை எண்ணி விட்டுக்கொடுத்திருப்போம். ஆனால் ஏப்ரல் 22 அன்று நீங்கள் சொன்னபடி பிளவுஸ் துணியை வெட்டி, ஃபால்ஸ் தைத்து, முந்தியில் குச்சமும் கட்டியாயிற்று. பட்டில் ஊசி ஏறிய தடம் போகாது. வெட்டிய துணியையும் பழையபடி புடவையோடு சேர்க்க முடியாது. நீங்கள் அதை ஒருமுறைகூடக் கட்டவில்லை என்பதை முழுமையாக நம்புகிறோம். ஆனாலும் அதைப் புதுப் புடவை என்று சொல்லி இன்னொருவரிடம் விற்க எங்களுக்கு மனம் ஒப்பாது.

நெசவில் குறையோ, ஜரிகை நாங்கள் சொன்ன தரத்தில் இல்லாமலோ இருந்தால் வெட்டிய புடவையாக இருந்தாலும் திரும்ப வாங்கியிருப்போம். குறையுள்ள பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் புடவையில் அப்படி எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

"பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் கேட்டோம், சொன்னது உண்மைதான். 10 நாள் என்பதையும், பிரிக்கக் கூடாது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருப்பது போதாது என்று புரிந்தது. இனி துணியை வெட்டும் முன் வாயாலும் சொல்லுவோம்.

பிளவுஸ் தைக்க நீங்கள் கட்டிய 1,200 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டியது. தையல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வெட்டிய துணியும் பத்திரமாக இருக்கிறது. எப்போது வந்தாலும் இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம். வர முடியாவிட்டால் ஒரு போன் செய்யுங்கள், பணத்தைக் கணக்கில் போட்டுத் துணியைக் கூரியரில் அனுப்புகிறோம். பிறகு எப்போது தைக்க நினைத்தாலும் கூலி வாங்காமல் தைத்துத் தருகிறோம்.

அதுவரை புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஜரிகை ஒரே இடத்தில் முறியாது.

எங்கள் முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் கேட்டால் பில், தையல் சீட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டுவோம். உங்கள் பெண்ணுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைப் பொறுப்பாளர்