அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் திருத்தம்

9.1.2025

பெறுநர்: பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்களின் பெற்றோர்கள்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை உங்கள் கைபேசிக்கு நான் அனுப்பிய அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் தவறானது. தயவுசெய்து அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். வகுப்பில் உள்ள 42 பேரில் 20 பேரின் மதிப்பெண் மாறுகிறது. விடைத்தாள்களைத் திருத்தியதில் பிழை இல்லை. பதிவேட்டிலிருந்து பட்டியலுக்கு எண்களை மாற்றியபோது நேர்ந்த பிழை இது. மாற்றியவன் நான்.

பாட ஆசிரியர்கள் பதிவேட்டில் கையால் எழுதிய பக்கத்தை ஸ்கேன் செய்து, எண்களைக் கணினியே படித்து அட்டவணையாக்கும்படி செய்தேன். கணக்குத் தேர்வுக்கு ஒரு மாணவர் வரவில்லை. அவருடைய கட்டத்தில் ஆசிரியர் சிறு கோடு மட்டும் போட்டிருந்தார். கணினி அந்தக் கோட்டை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டது. அதனால் அவருக்குக் கீழே இருந்த 18 பேரின் கணக்கு மதிப்பெண்களும் ஒவ்வொரு வரி மேலே ஏறிவிட்டன. எழுதாத தேர்வுக்கு அவருக்கு மதிப்பெண் வந்தது. பட்டியலின் கடைசி மாணவருக்கோ பக்கத்தின் அடியில் எழுதியிருந்த வகுப்புச் சராசரியான 54 வந்து சேர்ந்தது. அறிவியலில் பிழை வேறு வகை. கொக்கி வைத்து எழுதிய 1 இரண்டு இடங்களில் 7 ஆகவும், தலைப்பக்கம் மூடிய ஒரு 4 ஓர் இடத்தில் 9 ஆகவும் படிக்கப்பட்டன. தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மதிப்பெண்களில் மாற்றம் இல்லை.

சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே வந்தது. தவறான எண்களைக் கூட்டினால் தவறான மொத்தம்தானே வரும்! பதிவேட்டில் கையால் எழுதியிருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் பிடித்திருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டேன்.

பிழையைக் கண்டுபிடித்தது நம் வகுப்பு மாணவர் ஒருவர். செவ்வாய்க்கிழமை கணக்கு விடைத்தாளைக் கொண்டுவந்து, "ஐயா, தாளில் 41தான் இருக்கிறது, பட்டியலில் 71 என்று வந்திருக்கிறது" என்றார். அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிய இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவர் வீட்டில் சொல்லிவிட்டேன்.

நேற்றும் இன்றும் கணக்கு ஆசிரியரும் நானும் உட்கார்ந்து, ஒருவர் விடைத்தாளிலிருந்து வாசிக்க மற்றவர் பதிவேட்டைப் பார்க்க, ஐந்து பாடங்களுக்கும் 42 பேரின் மதிப்பெண்களையும் சரிபார்த்தோம். எட்டுப் பேருக்கு மதிப்பெண் கூடுகிறது, 11 பேருக்குக் குறைகிறது. ஒருவருக்குக் கணக்கில் 'வரவில்லை' என்று பதிவாகிறது. தேர்ச்சி பெறவில்லை என்று வந்திருந்த இருவர் உண்மையில் 35-க்கு மேல் எடுத்திருக்கிறார்கள். தேர்ச்சி என்று வந்திருந்த மூவர் கணக்கில் 35-ஐ எட்டவில்லை. இந்த ஐந்து வீடுகளுக்கும் இக்கடிதத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசிவிட்டேன். வகுப்பில் வாசித்த தரவரிசை செல்லாது. புதிதாக வாசிக்கப் போவதும் இல்லை.

தவறான பட்டியலைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டியிருந்தால், அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது. அதைப் பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கூடுதல் மதிப்பெண்ணை உங்கள் பிள்ளை மறைக்கவோ மாற்றவோ இல்லை. அட்டையில் வந்ததைத்தான் காட்டினார்கள். சிலர் அந்த மகிழ்ச்சியில் இனிப்பு கொண்டுவந்து வகுப்பில் கொடுத்தார்கள், நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அரையாண்டு மதிப்பெண் பொதுத்தேர்வுச் சான்றிதழில் சேராது. அதனால் இந்தத் திருத்தத்தால் யாருடைய மேற்படிப்புக்கும் பாதிப்பு இல்லை. ஆனால் யாருக்குக் கணக்கில் மாலை வகுப்பு தேவை என்பதை இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அந்தப் பெயர்ப் பட்டியலையும் திருத்தியிருக்கிறோம்.

திருத்திய மதிப்பெண் அட்டையை நாளை, வெள்ளிக்கிழமை, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கணக்கு, அறிவியல் விடைத்தாள்களும் கூடவே வரும். பக்கம் பக்கமாகக் கூட்டிப் பாருங்கள். பார்த்தபின் கையெழுத்திட்டு, பழைய அட்டையையும் சேர்த்து, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் திருப்பி அனுப்புங்கள். நேரில் பேச விரும்புவோர் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை வகுப்பறைக்கு வரலாம். அன்று வேலை விட்டு வர முடியாதவர்கள் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்பினால், மாலையில் நானே தொலைபேசியில் அழைக்கிறேன்.

இனி மதிப்பெண் பட்டியல் வெளியே போகுமுன் இரண்டு ஆசிரியர்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார்கள். வராத மாணவரின் கட்டத்தில் கோடு போடாமல் 'வரவில்லை' என்றே எழுதுவோம். தலைமையாசிரியரும் இதற்கு ஒப்புதல் அளித்திருக்கிறார்.

நேர்ந்த தவறுக்கு உங்களிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் இன்று காலையே கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியர்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு