முப்பது நிமிடம்

தாராபுரம் தாண்டியதும் யாழினி கேட்டாள்: "அப்பா, இந்தப் புல்லாங்குழலை யார் பிளேலிஸ்ட்டில் சேர்த்தது? ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது."

"நான்தான்."

கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஆச்சியைப் பார்க்கப் போகிறார்கள். நீண்ட பயணம் என்பதால், முந்தின வாரமே வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிளேலிஸ்ட் தொடங்கியிருந்தாள். யார் வேண்டுமானாலும் பாட்டுச் சேர்க்கலாம். அம்மா ஒன்றும் சேர்க்கவில்லை. அப்பா நாற்பதுக்கு மேல் சேர்த்துவிட்டார். தன் கொரியப் பாட்டுகள் அவற்றுக்கு நடுவே காணாமல் போகும் என்று அவள் ஷஃபிள் போட்டு வைத்திருந்தாள்.

இப்போது முன் இருக்கையில் உட்கார்ந்து பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஆறு பாட்டு, பிறகு ஒரு சின்னக் கருவியிசை. மறுபடி ஆறோ ஏழோ பாட்டு, பிறகு ஒரு வயலின் துண்டு. கைதவறிச் சேர்த்ததாகத் தெரியவில்லை. கைப்பேசியிலேயே கூட்டிப் பார்த்தாள். முதல் ஆறு பாட்டும் புல்லாங்குழலும் சேர்ந்து இருபத்தொன்பது நிமிடம் ஐம்பது வினாடி. அடுத்த தொகுதியும் முப்பதை ஒட்டியே நின்றது.

"ஏன்ப்பா எல்லாம் முப்பது நிமிடத்தில் முடிகிறது?"

முருகேசன் கொஞ்ச தூரம் பேசாமல் வண்டியை ஓட்டினார். பிறகு, இதுவரை அவள் கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார். பிளஸ் ஒன் படித்தபோது பாளையங்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் மாலை நேர வேலை. ஆட்கள் பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். அறுபது நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். எழுதியது எழுதியபடியே பதிந்தால், கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்து நிற்கும்.

"பாட்டு பாதியில் அறுந்தால் காசு வாங்காதே என்பார் முதலாளி. அதனால் ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கூட்டிக் கழித்து வரிசையை மாற்றுவேன். ஒன்றிரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் குழலோ வயலினோ வைத்து அடைப்பேன். 1991 தீபாவளிக்குத் தளபதி வந்தது பார், அந்த வாரம் கடையை இரவிலும் பூட்டவில்லை."

யாழினி ஷஃபிளை நிறுத்திவிட்டு முதல் பாட்டிலிருந்து போட்டாள்.

வரிசையாகக் கேட்டபோது வேறொன்றும் புலப்பட்டது. ஒரு பாட்டு வீணையில் முடிந்தால் அடுத்தது வீணையிலேயே தொடங்கியது. துள்ளலான இரண்டுக்குப் பிறகு மெதுவாக ஒன்று. அப்பாவுக்குப் பழைய பாட்டு பிடிக்கும் என்று மட்டும் நினைத்திருந்தாள். ஒரு பாட்டு இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வருவதில் அவருக்கு இவ்வளவு அக்கறை என்று இப்போதுதான் தெரிந்தது.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடித்துவிட்டு ஏறியதும் அவர் சொன்னார்: "உன்னுடையதைப் போடு."

"உங்களுக்குப் பிடிக்காது."

"போடு, பார்ப்போம்."

மூன்று பாட்டு ஓடும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு, "உன் பாட்டில் எல்லாம் குரல் வருவதற்கு நேரமாகிறதே" என்றார்.

"அதற்காகத்தான் எடுத்தேன். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் வாசிப்பார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கும். சில நேரம் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பேன்."

அவர் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார். அடுத்து ஒரு தந்தி வாத்தியம் மட்டும் தனியாக ஒலித்தது. பாதியில் அவர் சுவரம் சொல்லிக் கூடவே முனக ஆரம்பித்தார்: ச ரி க ப த.

"யாழினி, இது மோகனம்!"

"இல்லைப்பா, இது அரிராங். கொரியாவின் நாட்டுப்பாட்டு. யுனெஸ்கோ பட்டியலில்கூட இருக்கிறது. வாசிப்பது கயாகம், பன்னிரண்டு தந்தி."

"பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அந்த ஐந்து சுவரத்தைத் தாண்டி வெளியே போகிறதா, கேள்." அக்னி நட்சத்திரத்தின் நின்னுக்கோரி வர்ணத்தை முதல் வரி மட்டும் பாடிக் காட்டினார். குரல் கொஞ்சம் பிசிறடித்தது. அவள் அரிராங்கைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். போக்கும் நடையும் வேறு. ஆனால் கால் வைக்கும் இடங்கள் அதே ஐந்துதான்.

"இது எவ்வளவு நேரம் வருகிறது?" என்றார் அவர்.

"இரண்டே கால்."

"என் இரண்டாவது பக்கத்தில் அந்த வயலினை எடுத்துவிட்டு இதை வை. அடுத்து வரும் பாட்டும் மோகனம்தான். ஒட்டும்."

"முப்பதைத் தாண்டிவிடுமே?"

"பத்து வினாடி தாண்டும். டேப்பின் நுனியில் அவ்வளவு எப்போதும் கூட இருக்கும்."

திண்டுக்கல் வருவதற்குள் மூன்றாவது பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்தே அடுக்கிவிட்டார்கள். இரண்டு பாட்டு அவருடையது, நான்கு அவளுடையது. ஒன்றுக்காகக் குரலை உயர்த்திச் சண்டையும் போட்டார்கள்.

பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு பாட்டுப் போடுங்களேன். சுசீலா அம்மா பாடியது."

யாழினி திரும்பிப் பார்த்தாள். "எத்தனை நிமிடம்மா? நாலுக்கு மேல் இடமில்லை."