எனர்ஜி ஆடிட் அறிக்கை: எதை முதலில் செய்வது, போட்ட காசு எப்போது திரும்பும்

வணக்கம் ஐயா,

அறிக்கையின் 14-ஆம் பக்க அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் செஞ்சா வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டீர்கள். அந்த அட்டவணையின் கடைசிப் பத்தியை அப்படியே கூட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு வரியும் அந்த ஒரு வேலையை மட்டும் செய்தால் என்ன கிடைக்கும் என்று போட்ட கணக்கு. ஒன்றைச் செய்து முடித்ததும் அடுத்ததன் மிச்சம் மாறும். ஆகவே செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

செலவு, மிச்சம் இரண்டையும் யூனிட்டில் சொல்கிறேன். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு விழும் தொகையால் பெருக்கினால் பணம் வந்துவிடும். கட்டணம் ஏறினால் மிச்சத்தின் மதிப்பும் ஏறும், போட்டது இன்னும் சீக்கிரம் திரும்பும். செலவை வருட மிச்சத்தால் வகுத்தால் வருவதுதான் திரும்பும் காலம். வட்டி அதில் இல்லை. ஒரு வருடத்துக்குள் திரும்புகிற வேலைக்கு அது பெரிதல்ல, ஐந்து வருடம் என்றால் வட்டியைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆலை நாளைக்கு 16 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடுகிறது. அதாவது வருடத்துக்கு 4,800 மணி நேரம், சுமார் 3,12,000 யூனிட்.

முதலில் காற்றுக் கசிவு. ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு 22 கிலோவாட் கம்ப்ரசரை மட்டும் ஓட விட்டோம். யாரும் காற்று எடுக்காதபோது அது லோடு ஆகவே, அதாவது காற்றை அழுத்தவே கூடாது. ஆனால் 54 நொடி லோடு, 126 நொடி அன்லோடு என்று மாறி மாறி ஓடியது. 180-க்கு 54 என்றால் 30 சதவீதம். கம்ப்ரசர் முழு லோடில் தரக்கூடிய காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலை எதுவும் செய்யாமல் வெளியே போகிறது. கசிவில்லாத லைன் எங்கும் இல்லை, 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

இங்கே ஒரு கணக்குப் பிழை சகஜம். லோடில் 24 கிலோவாட் இழுக்கிறது, அதில் 20 சதவீதம் குறைந்தால் 4,800 மணி நேரத்துக்கு 23,000 யூனிட் மிச்சம் என்று போடுவார்கள். உங்களுடையது நிலையான வேகத்தில் ஓடும் கம்ப்ரசர். அன்லோடிலும் 8 கிலோவாட் இழுக்கிறது. லோடு குறைந்தால் மிச்சமாவது 24-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசமான 16 கிலோவாட்தான். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 15,400 யூனிட். அறிக்கையில் இருப்பது இந்த எண். பிட்டிங், டியூப், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து 2,500 யூனிட் மதிப்புக்குள் முடியும், இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் கசிவு திரும்ப வரும். அதே 54–126 சோதனையை மாதம் ஒரு முறை செய்து சுவரில் எழுதி வையுங்கள். சோப்புத் தண்ணீர் அடிக்கும்போது நேர்க்குழாயில் நேரம் போக்க வேண்டாம். 7-ஆம் லேத்தின் பின்னால் இருக்கும் பில்டர் ரெகுலேட்டரின் கிண்ணம், புளோ கன் மாட்டும் இடங்கள், தானியங்கி டிரெயின் வால்வு மூன்றிலும் சத்தம் காதுக்கே கேட்டது.

இரண்டாவது அழுத்தம். கம்ப்ரசரில் 7.5 பார் வைத்திருக்கிறீர்கள். கடைசி லேத்தில் 5.8 தான் வருகிறது, ஜாபைப் பிடிக்கும் அதன் சக்குக்குத் தேவை 5.5. இடையில் 1.7 பார் காணாமல் போகிறது. அடைத்துப்போன லைன் பில்டரில் 0.7, கடைசி 20 மீட்டர் அரை அங்குலக் குழாயில் 0.8, மீதி வளைவுகளில். இந்த அழுத்த அளவில் ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்சாரம் சுமார் 7 சதவீதம் குறையும்.

அறிக்கையில் இதற்கு 6,450 யூனிட் மிச்சம், முதலீடு இல்லை என்று இருக்கும். இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள். இன்று கம்ப்ரசர் 80 சதவீத நேரம் லோடில் இருப்பதை வைத்துப் போட்டது அது. கசிவை அடைத்தபின் லோடு 60 சதவீதம் ஆகும், மிச்சம் 4,800 யூனிட்டாகிவிடும். செட்டிங்கை மாற்றச் செலவில்லை என்பது உண்மை, ஆனால் பில்டர் எலிமென்டும் ஒரு அங்குலக் குழாயும் போடாமல் குறைத்தால் கடைசி லேத்தில் சக்கின் பிடி தளர்ந்து ஜாப் பறக்கும். அவை 4,000 யூனிட் மதிப்பு, பத்து மாதத்தில் திரும்பும். குழாய் மாற்றிய பிறகு நாளுக்கு 0.2 பார் வீதம் இறக்கி, கடைசி லேத்தின் கேஜைப் பார்த்து, 6.5-ல் நிறுத்துங்கள். அதற்கு முன் அழுத்தம் குறைந்தால் ஸ்பிண்டிலை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு மெஷினிலும் சோதியுங்கள்.

விளக்கு எளிது. சோக்கோடு சேர்த்து 275 வாட் இழுக்கும் 16 விளக்குக்குப் பதில் 110 வாட் எல்இடி. வருடத்துக்கு 3,600 மணி நேரம் எரிகிறது, 9,500 யூனிட் மிச்சம். செலவு 8,000 யூனிட் மதிப்பு, இதுவும் பத்து மாதம். சர்ஜ் பாதுகாப்பு உள்ள டிரைவராகக் கேளுங்கள். விளக்கு கெடுவதற்கு முன் டிரைவர்தான் கெடும்.

தூசி உறிஞ்சும் பேனின் 7.5 கிலோவாட் மோட்டார் ஐஇ1 வகை, திறன் 86 சதவீதம். ஐஇ3 மோட்டார் 90.4. முக்கால் லோடில் 0.32 கிலோவாட் வித்தியாசம், வருடத்துக்கு 1,500 யூனிட். புது மோட்டார் 4,400 யூனிட் மதிப்பு, கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும். நல்லபடி ஓடுவதைக் கழற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். எரிந்தால் ரீவைண்டிங்குக்கு அனுப்பாமல் அப்போது மாற்றுங்கள். ரீவைண்டிங் கூலி எப்படியும் போயிருக்கும், அதைக் கழித்தால் காலம் குறையும். ஒன்றை மறக்க வேண்டாம்: புது மோட்டார் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். 1,440 சுற்று 1,465 ஆனால் பேன் இழுக்கும் சக்தி மூன்றாம் படியில் ஏறி 5 சதவீதம் கூடும், மிச்சம் முழுக்கப் போய்விடும். மோட்டார் புல்லியைக் கொஞ்சம் சிறிதாக்கி பேனின் பழைய வேகத்தையே வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் டிரில்லிங் மெஷின் மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

கெபாசிட்டரில் யூனிட் மிச்சம் பெரிதாக வராது. பவர் பேக்டர் 0.91-இலிருந்து 0.99 ஆக 20 கேவிஏஆர் தேவை. லாபம் பில்லின் அபராதத்திலும் டிமாண்டிலும் தெரியும். புதிதாக வாங்குமுன் பேனலில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 கேவிஏஆர் கெபாசிட்டர் ஒரு பேஸுக்கு 7 ஆம்பியர் காட்ட வேண்டும், உங்கள் பேனலில் இரண்டு 3 ஆம்பியர்தான் காட்டின. முதலில் அவற்றை மாற்றுங்கள்.

தேவைக்கேற்ப வேகம் மாறும் விஎஃப்டி கம்ப்ரசரை அறிக்கையின் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கசிவை அடைத்தபின் வருடத்துக்கு 12,500 யூனிட் மிச்சம் வரும், விலையோ 70,000 யூனிட் மதிப்பு. ஐந்தரை வருடம். கசிவோடு இன்று வாங்கினால் கசிவுக்கும் சேர்த்து அளவெடுத்துப் பெரிய மெஷினைத் தலையில் கட்டிவிடுவார்கள். இப்போதைய கம்ப்ரசர் ஓவர்ஹாலுக்கு வரும்போது யோசிக்கலாம்.

விஎஃப்டி கம்ப்ரசர், கெபாசிட்டர் இரண்டையும் விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 31,200 யூனிட், உங்கள் பயன்பாட்டில் 10 சதவீதம். அதில் மோட்டாரின் 1,500 அது எரிந்த பிறகுதான் வரும். பில்லை மட்டும் பார்த்து இதைச் சரிபார்க்க முடியாது, ஆர்டர் கூடினால் யூனிட்டும் கூடும். கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் மாட்டி, வேலைக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் ஒரே நேரத்தில் ரீடிங் எடுத்து, அந்த வாரத்தில் செய்த பீஸ் எண்ணிக்கையால் வகுங்கள்.

மீட்டர் மாட்டியதும் சொல்லுங்கள். முதல் வார ரீடிங் வந்த அடுத்த ஞாயிறு நான் வந்து சோப்புத் தண்ணீர் சோதனையை உங்கள் ஃபிட்டரோடு சேர்ந்து செய்கிறேன். அன்று காலை ஒரு மணி நேரம் கம்ப்ரசர் மட்டும் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
ஆடிட் செய்த பொறியாளர்