மாரியைக் கண்ணில் காட்டுதல்: தரம் 8 தமிழ், பாடத் திட்டம்

இடம்: திருகோணமலை, கடற்கரையை ஒட்டிய ஒரு பாடசாலை. பிள்ளைகள் 28 பேர்.
நேரம்: இரட்டைப் பாடவேளை, 80 நிமிடம். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். மழை பெய்யும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.
தேவையானவை: ஒரு தகரத் தட்டு, ஒரு சுண்டு நெல், தலைப்பு இல்லாமல் எழுதிய கவிதைப் பிரதிகள்.

நோக்கம்: கவிதையில் வரும் படிமத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், எந்தப் புலனுக்கு அது பேசுகிறது என்று சொல்ல வேண்டும், சொந்தமாக ஒன்றை எழுத வேண்டும். வரைவிலக்கணத்தில் தொடங்க வேண்டாம். படிமம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவது பாதிப் பாடம் முடிந்த பிறகுதான். பெயரை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டுக் கவிதையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

தொடக்கம் (10 நிமிடம்)
"எல்லோரும் கண்ணை மூடுங்கோ" என்று சொல்லி, உயரத்திலிருந்து தட்டில் நெல்லைக் கொட்டுங்கள். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. என்ன கேட்டது? "மழை, ரீச்சர்" என்று யாராவது சொல்லும்வரை பொறுத்திருங்கள். கண்ணைத் திறந்து நெல்லைப் பார்க்கட்டும். விளக்கம் எதுவும் வேண்டாம். பிரதியைக் கொடுங்கள்.

கவிதை (10 நிமிடம்)

தகரக் கூரையில்
யாரோ நெல் கொட்டுகிறார்கள்.

கரையேறிய வள்ளம்
முதுகு நனைந்த எருமைபோல்
கவிழ்ந்து படுத்திருக்கிறது.

விறாந்தையில் தொங்கும்
அப்பாவின் வலை
இன்னும் மீன் மணக்கிறது.

தேத்தண்ணிக் கோப்பையில்
என் விரல்களுக்கு மட்டும்
கொஞ்சம் வெயில்.

இரண்டு முறை நீங்கள் வாசியுங்கள். மூன்றாவது முறை பிள்ளைகள் வாய்க்குள் வாசிக்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: இது எதைப் பற்றியது? மழை என்று எல்லோரும் சொல்வார்கள். "சரி, மழை என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது?" தேடட்டும். எங்கும் இல்லை. குளிர் என்ற சொல்லும் இல்லை. வகுப்பு அமைதியாகும் இந்த இடத்தை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்.

உரையாடல் (30 நிமிடம்)
பாடத்தின் நடு இதுதான். ஒவ்வொரு பத்தியாகப் போகலாம்.

நெல் காதுக்கு. இங்கே 'போல' இல்லை, மழையே நெல்லாகிவிட்டது. எருமை கண்ணுக்கு, இங்கே 'போல்' இருக்கிறது. தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ எருமை பார்த்த பிள்ளை வகுப்பில் நிச்சயம் இருக்கும். மழையில் எருமையின் முதுகு எப்படி மினுங்கும், அது ஏன் அசையாமல் கிடக்கும் என்று அந்தப் பிள்ளையைச் சொல்லவிடுங்கள். கவிழ்த்து வைத்த வள்ளத்தின் அடிப்பக்கம் தானாகவே தெரியும்.

வலையில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். "இதில் உவமையே இல்லையே?" ஆம், இல்லை. உவமை இருந்தால்தான் படிமம் என்ற எண்ணம் பெரிய வகுப்புகள்வரை தொடர்கிறது. இங்கேயே அதைத் திருத்திவிடலாம். வெறும் வலை, வெறும் மீன் மணம். ஆனாலும் நமக்கு ஏதோ புரிகிறது. என்ன? வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கிறது, அப்பா கடலுக்குப் போகவில்லை. வலை வீட்டில் தொங்குவதே அதைச் சொல்லிவிடுகிறது. கடைசிப் பத்தி தொடுகைக்கு: வெயில் கோப்பைக்குள் ஒதுங்கிவிட்டது.

இப்போது கரும்பலகையில் எழுதுங்கள்: படிமம் என்பது ஒரு பொருளையோ உணர்வையோ நம் புலன்களுக்கு எட்டும்படி சொற்களால் நிகழ்த்திக் காட்டுவது.

எழுதுதல் (20 நிமிடம்)
காது, கண், மூக்கு, தோல் நான்கும் வந்துவிட்டன. நாக்கு வரவில்லை. அந்த ஐந்தாவது பத்தியைப் பிள்ளைகள் எழுத வேண்டும்: மூன்று வரி, 'மழை', 'குளிர்' இரண்டும் வரக்கூடாது. வறுத்த கச்சான், சுட்ட பனங்கிழங்கு, உதட்டில் ஒட்டும் உப்புக்காற்று, எதுவும் சரி. "மிகவும் சுவையாக இருந்தது" என்று எழுதினால், "எப்படிச் சுவைத்தது? பல்லுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

ஒரு கவனம். மாரி வந்தால் சில வீடுகளில் உழைப்பு நின்றுவிடும், சில வீடுகளுக்குள் வெள்ளம் வரும். எழுதியதை வாசிக்க விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். கொப்பியை நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

வாசிப்பும் கணிப்பீடும் (10 நிமிடம்)
ஐந்தாறு பேர் வாசிக்கட்டும். கேட்பவர்கள் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல், தங்களுக்குத் தெரிந்த காட்சியைச் சொல்ல வேண்டும். புள்ளி 10: புலனுக்கு எட்டும் விவரத்துக்கு 5, சொந்தப் பார்வைக்கு 3, மொழித் திருத்தத்துக்கு 2. எழுத்துப் பிழைக்காக நல்ல படிமத்தை வெட்ட வேண்டாம்.

வீட்டு வேலை
ஆனி, ஆடியில் கொழும்புப் பக்கம் மழை கொட்டும்போது நமக்குக் கச்சான் காற்றும் வெக்கையும்தான். அதனால் நம் பெரியவர்கள் மாரிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு வாருங்கள்: "மாரி வரப்போகிறது என்று எதைப் பார்த்து, எதை மணந்து, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்?" அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே கொப்பியில் எழுதி வர வேண்டும்.