ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர்

2012 நவம்பர். புதன்கிழமை எனக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை மதியம் செங்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கையில் நூறு ரூபாய், இடுப்பில் சொருகிய கர்ச்சீப்புக்குள் ஹாஸ்டல் அக்கா ஒருத்தி கொடுத்த நாலு ஜிபி பென்டிரைவ். போகவர பஸ்ஸுக்குப் பதினெட்டு ரூபாய். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் என்றால் நாலு மணி நேரம் உட்காரலாம். மிச்சம் இரண்டு ரூபாய்.

எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தை எடுத்தவர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். ஒரு சிக்னலை இன்னொன்றின் மேல் நகர்த்திக் கணக்கிடும் கான்வல்யூஷன் வந்தபோது 'இன்டெக்ரல் போட்டா வந்துடும்' என்றார். பிளஸ் டூ வரை தமிழில் படித்த எனக்கு எதை, எங்கிருந்து எதுவரை இன்டெக்ரேட் செய்வது என்பதே பிடிபடவில்லை. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து யூடியூபில் போட்ட என்பிடெல் வீடியோக்களைப் பற்றிச் சொன்னதும் அந்த அக்காதான். "புரியலேன்னா நிறுத்தி, பின்னாடி இழுத்துப் பாரு. எந்த சாரும் கோவிச்சுக்க மாட்டாரு."

கடையில் உட்கார்ந்தே பார்த்தால் ஒரு மணி நேர வகுப்புக்கு இருபது ரூபாய், அதுவும் ஒரே தடவை. எடுத்துக்கொண்டு போய்விட்டால் தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கடைக்கார அண்ணன் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றபடியே காலேஜ் ஐடி கார்டைக் கேட்டார். நோட்டில் பெயர், ஊர், நேரம் எல்லாம் எழுதச் சொன்னார். "ஐஞ்சாம் நம்பர்ல உக்காரு பாப்பா. கரண்டு போனா அது ஆஃப் ஆயிடும். முதல் ரெண்டுக்குத்தான் இன்வெர்ட்டர். அதுல ரெண்டுலயும் ஆளு இருக்குது."

யூடியூப் வீடியோவை இறக்க அக்கா எழுதிக் கொடுத்திருந்த கட்டளையை அப்படியே தட்டினேன். எனக்கு வேண்டிய பதினோரு வகுப்பின் முகவரிகளையும் ஒரு ஃபைலில் போட்டிருந்தேன்.

```
youtube-dl -c -f 18 -a list.txt
```

கறுப்புத் திரையைப் பார்த்ததும் அண்ணன் ஓடி வந்தார். "இன்னா அது, வைரஸா?" பாட வீடியோ என்று விளக்கினேன். நம்பினாரா தெரியாது, ஆனால் போகாமல் பின்னாலேயே நின்றார். முதல் வகுப்பு 180 எம்பி, முடிய 75 நிமிடம் என்று காட்டியது. நாலு மணி நேரத்தில் மூன்று வகுப்புதான் இறங்கும். அதை நிறுத்திவிட்டு, படத்தின் தரத்தைச் சொல்லும் 18 இருந்த இடத்தில் அதைவிடத் தரம் குறைந்த 17 போட்டேன்.

```
[download]  12.4% of 36.20M at 41.20k/s ETA 13:08
```

கால் மணி நேரத்துக்கு ஒன்று. மனசுக்குள் வாணவேடிக்கை. முதல் வீடியோ முடிந்ததும் அதைத் திறந்தேன். குரல் தெளிவாக இருந்தது. கரும்பலகைதான் பனிமூட்டத்தில் தெரியும் ஜவ்வாது மலை மாதிரி இருந்தது. கான்வல்யூஷனில் மொத்த விஷயமும் t எது, τ எது என்பதில்தான் இருக்கிறது. ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று ஓடும். அந்தப் படத்தில் இரண்டும் ஒரே கோடு. இதை வைத்து மூன்றாம் யூனிட் பதினாறு மார்க் கேள்வியை எழுதினால் திருத்துகிறவர் சிரிப்பார்.

36 என்று ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில், சுமார் நூறு எம்பி, நாற்பது நிமிடத்துக்கு மேல். சரி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் எதற்கு? பேச்சே அதிகமாக இருக்கும் அறிமுக வகுப்புகளையும், புத்தகத்தில் சூத்திரம் இருக்கிற லாப்லாஸ், இசட் வகுப்புகளையும் 17-இல் எடுப்பது. கான்வல்யூஷன் இரண்டையும் 36-இல். சாம்ப்ளிங்கை யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். ஃபூரியரில் மூன்றில் ஒன்றை வெட்டினேன். எதை விட்டாலும் அதிலிருந்துதான் கேள்வி வரும் என்று தோன்றியது. இந்தக் கணக்கைப் போடவே பத்து நிமிடம் போனது, அதாவது மூன்று ரூபாய் சொச்சம்.

இரண்டாவது வீடியோ தொண்ணூறு சதவீதம் வந்தபோது கரண்டு போனது.

அந்த வருஷம் எங்கள் பக்கம் கரண்டு எப்போது வரும் என்றுதான் கேட்போம். எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் டெஸ்க்டாப்பில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் பழையபடி சுத்தமாகிவிடும்படி அண்ணன் செய்து வைத்திருக்கிறார். முடிந்திருந்த முதல் வீடியோவும் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது.

"நேரா பென்டிரைவ்ல எறக்கக் கூடாதா?" என்றார். சொல்லியிருந்தால் செய்திருப்பேனே என்று நினைத்தேன், சொல்லவில்லை. கரண்டு இல்லாத நேரத்துக்குக் காசு வேண்டாம் என்றார். ஆனால் போன வீடியோவுக்கான அரைமணிக் காசைக் கழிக்கவில்லை. அது நியாயம்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

பென்டிரைவில் மறுபடி ஆரம்பித்தேன். பக்கத்தில் இரண்டு பையன்கள் கிரிக்கெட் வீடியோ பார்க்க உட்கார்ந்ததும் வேகம் நாற்பத்தொன்றிலிருந்து பதினெட்டு கேபிக்கு இறங்கியது. அவர்கள் எழுந்து போகவேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். ஏழரைக்குக் கடைசி பஸ். ஏழு மணிக்கு ஆறு வகுப்பு முடிந்திருந்தது. முதல் கான்வல்யூஷன் வகுப்பு வந்துவிட்டது, இரண்டாவது இப்போதுதான் ஆரம்பம்.

"ஒன்பதரைக்குத்தான் சாத்துவேன். வுட்டுட்டுப் போ" என்றார் அண்ணன். எங்கள் ஊரிலிருந்து காலையில் பால் கேன் ஏற்றி வரும் மாமாவை அவருக்குத் தெரியுமாம். இரவல் பென்டிரைவ். யோசித்தேன். பஸ் ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாமா வந்தார். ஜெராக்ஸ் பேப்பரில் மடித்திருந்தது. சொருகித் திறந்தால் எல்லாமே ஷார்ட்கட், ஒவ்வொன்றும் ஒரு கேபி. காலேஜ் லேபில் எல்லார் பென்டிரைவிலும் வந்து, உண்மையான ஃபைல்களை மறைத்துவிடுகிற அதே வைரஸ். அந்த ஷார்ட்கட்டை மட்டும் தொட்டுவிடக் கூடாது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொல்லிக்கொடுத்தது நினைவிருந்தது.

```
attrib -h -r -s /s /d E:\*.*
```

மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்டர் தட்டினேன். ஏழு ஃபைலும் வந்துவிட்டன. ஏழாவதன் பெயர் மட்டும் .part என்று முடிந்திருந்தது.

அன்று இரவும் கரண்டு இல்லை. லேப்டாப் பேட்டரி பாதிக்குக் கீழே. பாதி வந்த வீடியோவைத் திறந்தேன், ஓடியது. கணக்கு எளிதானதுதான். சுழியிலிருந்து மூன்று வரை ஒரு செவ்வகம், ஒன்று அகலத்தில் இன்னொரு செவ்வகம். சின்னதைத் திருப்பிப் போட்டு இடமிருந்து நகர்த்தினார். t ஒன்றைத் தொடும்வரை லிமிட் சுழியிலிருந்து t என்று எழுதினார். மூன்று தடவை பின்னால் இழுத்துப் பார்த்தேன். τ நன்றாகவே தெரிந்தது. இருபத்து மூன்றாம் நிமிடம், "நவ், வென் t கிராஸஸ் ஒன்" என்று சாக்பீஸைத் தூக்கினார். படம் அப்படியே நின்றுவிட்டது.

பேட்டரியைக் காப்பாற்ற மூடி வைத்தேன். சிம்னி விளக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு, கோலமாவால் ஒரு கோடு போட்டேன். தீப்பெட்டி அகலத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குறித்தேன். தீப்பெட்டியை நகர்த்தினேன். ஒன்றைத் தாண்டியதும் பெட்டி முழுசாக உள்ளே. அப்படியென்றால் t மைனஸ் ஒன்றிலிருந்து t. மூன்றைத் தாண்டினால் முன்பக்கம் வெளியே போகிறது, மேல் லிமிட் மூன்றிலேயே நின்றுவிடுகிறது.

"அந்தத் தீப்பெட்டியக் குடுடி, அடுப்பு பத்த வெக்கணும்" என்றாள் அம்மா.

"இரும்மா. நாலைத் தொட்டதும் தரேன்."