பொருள்: பணம் திரும்பக் கோருதல் – ஆர்டர் TNS-26-014873 – "Delivered" எனப் பதிவாகியும் பொருள் வந்து சேரவில்லை – ₹3,248

பெறுநர்: குறைதீர் அலுவலர்
நகல்: வாடிக்கையாளர் உதவிப் பிரிவு (புகார் எண் 58213)
தேதி: 19 ஜனவரி 2026, திங்கள்

ஐயா / அம்மையீர், வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் 05-01-2026 அன்று 16 லிட்டர் பேட்டரி கைத்தெளிப்பான் (12 வோல்ட், 8 ஏஎச்) ஒன்றை ஆர்டர் செய்து, முழுத் தொகையையும் யூபிஐ மூலம் முன்கூட்டியே செலுத்தினேன். பொருளின் விலை ₹3,150, அனுப்பும் கட்டணம் ₹98, ஆக மொத்தம் ₹3,248. கூரியர் எண் 77402918356. 12-01-2026 அன்று பார்சல் ஒப்படைக்கப்பட்டதாக உங்கள் பக்கத்திலும் கூரியர் பக்கத்திலும் பதிவு உள்ளது. அம்பாசமுத்திரத்தில் (627401) உள்ள என் முகவரிக்கு அன்றும் வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை. ₹3,248-ஐயும் நான் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

12-ஆம் தேதியே பகல் 12:26-க்குப் பதிந்த புகாரை 16-ஆம் தேதி மாலை உங்கள் உதவிப் பிரிவு மூன்று காரணங்களைச் சொல்லி முடித்துவைத்தது. ஒப்படைப்புச் சான்று இருக்கிறது. என் படங்களில் உள்ள நேரமும் உங்கள் பதிவிலுள்ள நேரமும் ஒத்துப்போகவில்லை. பணம் பற்றி வங்கியைக் கேட்கவும். மூன்றுக்கும் பதில் இணைப்பிலுள்ள படங்களிலேயே இருக்கிறது. நேரக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நேர வேறுபாடு

உங்கள் ஆர்டர் பக்கத்தில் (01_order_status.png) "Delivered 12 Jan 05:43" என்று இருக்கிறது. கூரியர் பக்கத்தில் (04_tracking.png) அதே நிகழ்வு "12 Jan 11:13". இடைவெளி சரியாக 5 மணி 30 நிமிடம். உங்கள் பக்கம் இந்திய நேரத்தைக் காட்டவில்லை, யூடிசி நேரத்தைக் காட்டுகிறது. இதை ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதே பக்கத்தின் மற்ற வரிகளைப் பாருங்கள். பணம் வந்ததாக நீங்கள் காட்டும் நேரம் 5 ஜனவரி 14:49. வங்கிப் பதிவில் அது 20:19. பார்சல் அனுப்பியதாகக் காட்டுவது 6 ஜனவரி 12:08. கூரியர் அதைப் பெற்றுக்கொண்ட பதிவு 17:38. மூன்று இடத்திலும் அதே ஐந்தரை மணி நேரம்.

ஆகவே இரண்டு படங்களும் ஒரே கணத்தைத்தான் சொல்கின்றன. விடியற்காலை 5:43-க்கு எந்தக் கூரியர் அலுவலகம் திறந்திருக்கும் என்று உங்கள் ஊழியர் ஒருமுறை யோசித்திருந்தால் இந்தக் காரணம் பதிலில் இடம்பெற்றிருக்காது. கீழே நான் குறிப்பிடும் எல்லா நேரமும் இந்திய நேரம்.

ஒப்படைப்பு ஏன் நடந்திருக்க முடியாது

12-ஆம் தேதிக்கான கூரியர் பதிவில் இரண்டே வரிகள்: 11:05 "Out for Delivery – Tirunelveli Hub", 11:13 "Delivered – Tirunelveli Hub". இடையில் எட்டு நிமிடம்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் சுமார் 35 கிலோமீட்டர். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி தாண்டி வர வேண்டும். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு நிமிடத்தில் வந்து சேர வண்டி மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். அதோடு, ஒப்படைத்த இடமாகப் பதிவாகியிருப்பதும் அம்பாசமுத்திரம் அல்ல, திருநெல்வேலி ஹப். வெளியே எடுத்த இடத்திலேயே பார்சல் முடித்துவைக்கப்பட்டிருக்கிறது.

அந்த எட்டு நிமிடத்துக்குள்தான், 11:09-க்கு, கூரியர் ஊழியரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது, 41 விநாடி (05_call_log.png). "அண்ணாச்சி, இன்னைக்கு அம்பை லைன் வண்டி போகலை, நாளைக்குக் கொண்டு வாரேன்" என்றார். பேச்சு ஒலிப்பதிவாக என்னிடம் இல்லை, ஆகவே அதை மட்டும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் நேரமும் எண்ணும் படத்தில் உள்ளன. அந்த எண் அவர்களுடைய ஊழியருடையதா என்பதைக் கூரியர் நிறுவனம் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். அழைப்பு முடிந்து சில நிமிடத்தில் "Delivered" விழுந்திருக்கிறது. மறுநாள் யாரும் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய ஒப்படைப்புச் சான்றையும் (06_pod.png) பார்த்தேன். பெற்றவர் என்ற இடத்தில் "SELF", கையொப்பத்துக்குப் பதில் ஒரு கோடு, தொலைபேசி எண் காலி. வீட்டு வாசலின் படமோ இட அமைவோ அதில் இல்லை. நான் பெற்றேன் என்பதை இந்தத் தாள் எப்படிக் காட்டுகிறது என்று விளங்கவில்லை.

ஓடிபி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 6-ஆம் தேதி உங்களிடமிருந்து வந்த குறுஞ்செய்தி, பார்சலைப் பெறும்போது ஓடிபி சொல்ல வேண்டும் என்கிறது. 12-ஆம் தேதி கூரியரிடமிருந்து எனக்கு வந்தது ஒரே செய்தி, 11:14-க்கு, ஒப்படைத்துவிட்டோம் என்று (07_sms.png). வராத செய்தியைப் படம் எடுத்துக் காட்ட என்னால் முடியாது. அழித்துவிட்டேன் என்றும் யாராவது சொல்லலாம். ஆனால் ஓடிபி அனுப்பப்பட்டதா, எப்போது பதியப்பட்டது என்ற பதிவு கூரியரின் சர்வரில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள்: அன்றைய டெலிவரி ரன் ஷீட்டில் இந்த எண் எந்த ஊழியர் பெயரில், எந்த லைனில் ஏற்றப்பட்டது, 11:13 ஸ்கேன் நடந்த கருவியின் இட அமைவு, அதன்பின் ஹப்பின் இருப்புக் கணக்கில் இந்தப் பார்சல் தென்பட்டதா. சுருக்கமாகச் சொன்னால், "டெலிவர் ஆகிவிட்டதா?" என்று கேட்டால் "ஆகிவிட்டது" என்றே பதில் வரும், ஏனென்றால் திரையில் அப்படித்தான் இருக்கிறது. பதிவுகளைக் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

9-ஆம் தேதி 18:52-க்கு "Customer not available" என்றும் ஒரு பதிவு உள்ளது. அன்று எனக்கு அழைப்பே வரவில்லை. என் கோரிக்கை அதைச் சார்ந்து இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

பணம்

5-ஆம் தேதி என் கணக்கில் இரண்டு பற்று நடந்தது. பின்னால் யாரும் குழம்பாமல் இருக்க இரண்டையும் குறிப்பிடுகிறேன். 20:14-க்கு முதல் முயற்சி, யூடிஆர் 600520398215: திரையில் தோல்வி என்று வந்தது, பணம் கழிந்தது, 20:31-க்குத் தானாகத் திரும்பியது. அதற்கு நான் எதையும் கோரவில்லை. 20:19-க்கு இரண்டாவது முயற்சி, யூடிஆர் 600520417386, ₹3,248: வெற்றி. உங்கள் ஆர்டர் இதன்மேல்தான் உறுதியானது. யூபிஐ செயலியின் படம் 02_upi.png, அதே வரிகள் உள்ள வங்கி அறிக்கை 03_statement.pdf, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றவை மறைக்கப்பட்டுள்ளன.

வங்கியைக் கேட்கவும் என்ற பதில் இதற்குப் பொருந்தாது. வங்கி தன் வேலையைச் சரியாக முடித்து, பணம் உங்களிடம் சேர்ந்துவிட்டது. நான் அங்கே புகார் கொடுத்தால் பரிவர்த்தனை வெற்றி என்று மூடிவிடுவார்கள். இன்வாய்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான். கூரியர் நிறுவனத்தோடு எனக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை.

கோரிக்கை

₹98 அனுப்பும் கட்டணம் உட்பட ₹3,248 முழுவதும், யூடிஆர் 600520417386 வந்த அதே கணக்குக்குத் திரும்ப வேண்டும். வாலட் பணமாகவோ கூப்பனாகவோ வேண்டாம். திருப்பிய உடன் ரீஃபண்ட் எண்ணை எழுதுங்கள். "தொடங்கிவிட்டோம்" என்ற செய்தியை மட்டும் வைத்து வங்கியில் எதையும் தேட முடியாது. புகார் 58213-ஐ மீண்டும் திறந்து, இந்த மடலை அதோடு சேர்க்கவும்.

மாற்றுப் பொருள் தேவையில்லை. 10-ஆம் தேதிக்குள் வரும் என்று உங்கள் பக்கம் சொன்னதை நம்பித்தான் ஆர்டர் போட்டேன். பிசான நெல்லுக்கு மருந்தடிக்கும் நாள் கூரியருக்காகக் காத்திருக்காது. உள்ளூர்க் கடையில் வேறு தெளிப்பான் வாங்கியாகிவிட்டது. இந்தப் பார்சல் இனிமேல் எங்கிருந்தாவது கிடைத்து என் வீட்டுக்கு வந்தால் வாங்க மாட்டேன். இப்போதே கூரியரிடம் சொல்லி, அனுப்பியவருக்கே திரும்பும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருபுறம் பணமும் மறுபுறம் பார்சலும் வந்து, அடுத்த தகராறு அதில் தொடங்கும்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கேள்விக்கு இடமில்லாத பதிவுகள் கையில் இருக்கும்போது ஒரு மாதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஜனவரி 28, புதன்கிழமைக்குள் தொகையைத் திருப்புங்கள். அதற்குள் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவேன். அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நுகர்வோர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. அது இருவருக்குமே வேண்டாத அலைச்சல்.

படங்கள் எதுவும் வெட்டப்படவில்லை. கைபேசியின் மேல்பட்டை, இணைய முகவரி, எடுத்த நாள் எல்லாம் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்து கோப்பின் விவரங்களும் போய்விடும் என்பதால் மூலக் கோப்புகளையே இணைத்திருக்கிறேன். 06_pod.png மட்டும் உங்கள் உதவிப் பிரிவு அனுப்பியது, அப்படியே வைத்திருக்கிறேன். ஏதாவது திறக்கவில்லை என்றால் கோப்பின் பெயரைச் சொல்லி இதே மடலுக்குப் பதில் எழுதுங்கள், உடனே மறுபடி அனுப்புகிறேன். தொலைபேசியில் பேச விரும்பினால் மாலை 5 மணிக்கு மேல் அழைக்கலாம். பேசி முடிவானதை மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மு. சுடலைமுத்து
அம்பாசமுத்திரம் 627401
(முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆர்டரில் உள்ளபடியே)

இணைப்புகள்: 7 கோப்புகள்