மளிகைக் கடைக்கு உதவியாளர் தேவை – திருநகர், மதுரை

மதுரை திருநகர் மூன்றாவது பேருந்து நிறுத்தத்திற்கு அருகில் நாங்கள் நடத்திவரும் சிறிய மளிகைக் கடைக்கு, நம்பிக்கையான, பொறுமையுள்ள உதவியாளர் ஒருவர் முழுநேரப் பணிக்குத் தேவைப்படுகிறார். ஆண், பெண் இருபாலரும் விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வயது வரம்பு எதுவும் இல்லை. ஆடி மாதம் பிறப்பதற்குள் வேலை பழகிவிட வசதியாக, 2026 ஜூலை 2-ஆம் தேதி வியாழக்கிழமை பணியில் சேருமாறு இருக்க வேண்டும்.

"சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதும் வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. பேருந்து ஏறி வருகிறவருக்கு வேலை என்ன, கையில் கிடைப்பது எவ்வளவு என்பது வீட்டிலிருந்து புறப்படும்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று கருதுவதால், இரண்டையும் இங்கே முழுமையாகவே எழுதுகிறோம்.

தொடக்கச் சம்பளம் மாதம் 15,600 ரூபாய். முதல் மாதத்தைப் பழகும் காலமாகவே கருதுகிறோம். ஆனாலும் அதற்கும் முழுச் சம்பளம் உண்டு. ஆறு மாதம் நிறைந்ததும் சம்பளம் 16,500 ரூபாயாக உயரும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு, கையெழுத்திட்ட சம்பளச் சீட்டும் தரப்படும். பண்டிகைக் காலத்தில் கூடுதல் நேரம் வேலை செய்ய நேர்ந்தால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறபடி இரட்டிப்புக் கூலி கணக்கிடப்படும். மாதச் சம்பளத்தை 26 வேலை நாட்களுக்கு வகுத்தால் நாளுக்கு 600 ரூபாய், மணிக்கு 75 ரூபாய். ஆகவே கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 150 ரூபாய் வரும். சம்பளம் உயரும்போது இந்தத் தொகையும் அதே கணக்கில் உயரும். கூடுதல் நேரம் என்பது உங்கள் சம்மதத்துடன் மட்டுமே. அந்தப் பணம் அதே மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரப்படும்.

ஓராண்டு நிறைந்தவர்களுக்குத் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனசாக வழங்கப்படும். ஓராண்டு நிறையாதவர்களுக்கு, வேலை பார்த்த மாதங்களைக் கணக்கிட்டு அதற்குரிய பங்கு உண்டு. உங்கள் வீட்டுக்குத் தேவையான மளிகைச் சாமான்களை எங்கள் கொள்முதல் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு 5,000 ரூபாய் வரை வட்டியில்லாமல் முன்பணம் பெற்று, மாதம் 1,000 ரூபாயாகக் கழித்துக்கொள்ளலாம். இரு வேளையும் தேநீரும் பலகாரமும் கடைச் செலவு.

வேலை நேரம் காலை 7.30 மணி முதல் 11.30 வரையும், மாலை 3.30 மணி முதல் இரவு 7.30 வரையும் ஆகும். இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் நீங்கள் வீட்டுக்குச் சென்று வரலாம்; தொலைவிலிருந்து வருபவர்கள் கடையின் பின்னறையில் சாப்பிட்டு ஓய்வெடுக்க மின்விசிறியும் கட்டிலும் இருக்கின்றன. கடையைத் திறப்பதும் இரவு அடைப்பதும் எங்கள் பொறுப்பு என்பதால், சாவிக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புதன்கிழமைதோறும் கடைக்கே விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அந்த ஐந்து நாட்கள் எவை என்பதை உங்கள் வீட்டுப் பண்டிகைகளைக் கேட்டு ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்வோம். தற்செயல் விடுப்பு 12 நாள், நோய் விடுப்பு 12 நாள்; ஓராண்டு பணிக்குப் பிறகு சம்பளத்துடன் கூடிய விடுப்பு மேலும் 12 நாள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறோம். காலையில் முதல் வேலை, கடை முன்புறத்தைக் கூட்டித் தெளித்து, தராசைத் துடைத்து, தட்டில் எதுவும் இல்லாதபோது அது பூஜ்யத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. எங்கள் மின்னணுத் தராசு ஆண்டுதோறும் முத்திரை பெறுகிறது என்றாலும், தட்டின் அடியில் சிக்கும் ஒரு துளி வெல்லமோ நான்கு மல்லி விதையோ எடையை மாற்றிவிடும். சரக்கை நிறுக்கும்போது டப்பாவின் எடையோ காகிதப் பையின் எடையோ வாடிக்கையாளர் தலையில் விழாமல், முதலில் வெறும் பையை வைத்துக் கழித்துவிட்டுத்தான் பொருளைப் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். அரைக் கிலோ உளுந்து கேட்டவருக்கு 500 கிராமுக்கு ஒரு மணி கூடலாம், குறையக் கூடாது.

இந்தப் பகுதியில் கிலோ கணக்கில் கேட்பவர்கள் பாதி, ரூபாய்க் கணக்கில் கேட்பவர்கள் பாதி. "ஐம்பது ரூபாய்க்குத் துவரம் பருப்பு, இருபது ரூபாய்க்குச் சீனி" என்று கேட்பவரிடம் முகம் சுளிக்காமல் உடனே நிறுத்துக் கொடுக்க வேண்டும். கிலோ 160 ரூபாய் விற்கும் பருப்பில் ஐம்பது ரூபாய்க்கு 312 கிராமுக்குச் சற்று மேல் வரும் என்பதைத் தராசில் விலையைப் பதிந்தும் பார்க்கலாம். இருந்தாலும் மனக்கணக்கு தெரிந்திருந்தால் கூட்ட நேரத்தில் கை ஓடும். அன்றாடக் கூலிக்குச் செல்பவர்கள் மாலையில் அன்றன்றைக்கு வாங்கும் சில்லறைச் சாமான்தான் எங்கள் வியாபாரத்தின் அடித்தளம். மாதச் சாமான் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை அவர்களுக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும்.

மாதத்தின் முதல் பத்து நாட்களில் வாடிக்கையாளர்கள் சிட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "து.ப. 2, உளுந்து 1, சீரகம் 100, கடுகு கால், வத்தல் அரை" என்று அவரவர் கையெழுத்தில் இருக்கும் அந்தச் சிட்டையைப் படித்து, ஒவ்வொன்றாக நிறுத்துப் பொட்டலம் கட்டி, எடுத்து வைத்ததற்கு நேரே கோடு போட்டு, இருப்பில் இல்லாததை வட்டமிட்டுக் காட்ட வேண்டும். கால் என்று எழுதியிருப்பது கால் கிலோவா என்று ஐயம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே தவிர, ஊகித்துப் போடக் கூடாது. கேட்ட ரகம் இல்லாதபோது வேறு ரகத்தைச் சொல்லாமல் வைத்து அனுப்புவதும் கூடாது.

மாலை 3.30 மணி முதல் ஐந்து மணி வரை கூட்டம் குறைவு. சரக்கு அடுக்குவதும் பொட்டலம் போடுவதும் அந்த நேரத்து வேலைகள். கீழமாசி வீதியிலிருந்து வாரம் இரு முறை சரக்கு வரும். கொள்முதலை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வந்த மூட்டைகளைச் சுமைதூக்கும் தொழிலாளர்கள் உள்ளே இறக்கி வைத்துவிடுவார்கள். 50 கிலோ சீனி மூட்டையையோ பருப்பு மூட்டையையோ நீங்கள் தனியாகத் தூக்கும்படி ஒருபோதும் கேட்க மாட்டோம். 25 கிலோ அரிசிப் பையை நகர்த்தவும், 15 கிலோ எண்ணெய் டின்னைச் சாய்த்து ஊற்றவும் முடிந்தால் போதும். பெண்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் அதிலும் உதவி உண்டு. பழைய சரக்கை முன்னாலும் புதிய சரக்கை அதன் பின்னாலும் வைத்து, உறையிலுள்ள தேதியை வாரம் ஒருமுறை பார்த்து, காலாவதியானதைத் தனிப் பெட்டியில் எடுத்துப் போட வேண்டும். மழைக்காலத்தில் ரவையிலும் கொண்டைக்கடலையிலும் வண்டு விழும். விழுந்ததைப் புடைத்து மறுபடி விற்பனைக்கு வைப்பது எங்கள் கடையில் இல்லை. பார்த்தவுடன் எங்களிடம் சொன்னால் போதும்.

அருகிலுள்ள ஹார்விபட்டி, விளாச்சேரி, பசுமலை, திருப்பரங்குன்றம் ஆகிய இடங்களுக்கு நாளுக்குச் சில வீடுகளுக்குச் சாமான் கொண்டு போய்க் கொடுக்க வேண்டியிருக்கும். இதற்கு வண்டி, பெட்ரோல், தலைக்கவசம் மூன்றும் கடையுடையவை. ஓட்டுநர் உரிமம் உள்ளவரை மட்டுமே வண்டியில் அனுப்புவோம். உரிமம் இல்லாதவர்களும் வண்டி ஓட்ட விருப்பமில்லாதவர்களும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அப்போது அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம், சம்பளத்தில் குறைவு இராது.

பணம் வாங்குவதும் மீதி கொடுப்பதும் உங்கள் வேலையில் அடங்கும். க்யூ.ஆர். அட்டையில் பணம் செலுத்துகிறவர்களிடம் பெட்டியிலிருந்து குரல் வந்ததை உறுதி செய்துகொண்டு சாமானைக் கொடுக்க வேண்டும். பற்று நோட்டில் எழுதும் அதிகாரம் எங்களுக்கு மட்டுமே; கடன் கேட்பவரிடம் மறுத்துப் பேசும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம், எங்களைக் கை காட்டிவிடலாம். இரவு கல்லாக் கணக்கை நீங்கள் கிளம்புவதற்கு முன் இருவரும் சேர்ந்தே எண்ணுவோம். கணக்கில் குறைந்த தொகையையோ, கை தவறி உடைந்த பாட்டிலின் விலையையோ சம்பளத்தில் பிடிப்பதில்லை. நடந்ததை அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே எங்கள் எதிர்பார்ப்பு. நம்பிக்கையானவர் என்று தலைப்பிலேயே கேட்காமல் இங்கே விளக்குவதற்குக் காரணம், நாங்கள் தேடும் நம்பிக்கை இதுதான் என்பதே.

எங்கள் கடையில் பீடி, சிகரெட், பான் பொருட்கள் விற்பதில்லை. பிளாஸ்டிக் பை கொடுப்பதில்லை. பை கொண்டு வராதவர்களுக்குக் காகிதப் பை உண்டு. நிற்கும் வேலை அதிகம் என்பது உண்மை. ஆயினும் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்வதற்கு உங்களுக்கென ஒரு நாற்காலி இருக்கிறது. வேலையாட்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தமே வந்திருக்கும்போது, உட்கார்ந்ததற்காக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பின்னறையை ஒட்டி, உள்ளே தாழிடும் வசதியுடன் தனிக் கழிப்பறை உள்ளது.

எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் போதும். தமிழ் சரளமாகப் படிக்கவும், உறைகளில் உள்ள ஆங்கிலப் பெயர்களையும் தேதிகளையும் எழுத்துக்கூட்டியாவது படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கடை அனுபவம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. சாதி, மதம், திருமணமானவரா என்பவற்றை நாங்கள் கேட்க மாட்டோம். காப்புத்தொகை கேட்பதில்லை, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை.

விருப்பமுள்ளவர்கள் 2026 ஜூன் 8-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை, புதன்கிழமை நீங்கலாக எந்த நாளிலும் பகல் 12 மணி முதல் 3 மணிக்குள் நேரில் வரலாம். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருநகர் வழியாகச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி, திருநகர் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால், நிறுத்தத்துக்கு எதிரே உள்ளே செல்லும் தெருவில் எங்கள் கடை இருக்கிறது. வாசலில் இதே அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். ஆதார் அட்டையின் நகல் ஒன்றும், உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்டு வந்தால் போதும். ஒரு சிட்டையைப் படித்து நான்கு சாமான்களை நிறுத்துக் காட்டச் சொல்வோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தேர்வானவர் யார் என்பதை ஜூன் 25-ஆம் தேதிக்குள், நேரில் வந்த அனைவருக்கும், தேர்வாகாதவர்களுக்கும் சேர்த்தே, தொலைபேசியில் தெரிவிப்போம்.

கடை உரிமையாளர்கள்,
திருநகர், மதுரை.